மூணு நாள் முன்னாலேயே விளையாடலாமா?

சூலூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் அவர் மகன் செல்போனை நீட்டினான். “சித்தப்பா, இந்த கேம் அடுத்த மாசம்தான் வருதுங்க. இப்பவே பணம் கட்டினா ஒரு டிரெஸ் ஃப்ரீ. டீலக்ஸ் எடிஷன்னா சீசன் பாஸும் உண்டு, மூணு நாள் முன்னாலேயே விளையாடலாம்ங்க.”

சீசன் பாஸ் என்பது, கேம் வெளியான பிறகு வரப்போகும் கூடுதல் கதைகளுக்கு இப்போதே பணம் கட்டுவது. பந்தி போடும் முன்பே மொய் எழுதுகிற மாதிரி!

‘சைபர்பங்க் 2077’ ஞாபகம் இருக்கிறதா? 80 லட்சம் பேர் முன்பதிவு செய்த கேம். 2020 டிசம்பர் 10-ல் வந்தது. பிளேஸ்டேஷன் 4-ல் திக்கித் திணறி, பாதியில் நின்றது. எட்டே நாளில் சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டு, பணத்தைத் திருப்பித் தந்தது. கூடுதல் கதையான ‘ஃபான்டம் லிபர்ட்டி’ 2023-ல்தான் வந்தது. அதுவும் பிளேஸ்டேஷன் 4-க்குக் கிடையாது. அதனால் கூடுதல் கதை உங்கள் மெஷினில் ஓடுமா என்பதைத் தனியாகப் பாருங்கள்.

கம்ப்யூட்டரில் ஸ்டீம் மூலம் வாங்குபவர்கள், கேம் வெளியாகும் முன் எப்போது வேண்டுமானாலும் முன்பதிவை ரத்து செய்யலாம். வெளியான பிறகு 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். இதில் ஒரு சூட்சுமம்: முன்கூட்டியே விளையாடும் அந்த மூன்று நாள் ஆட்டமும் இந்த இரண்டு மணி நேரக் கணக்கில் சேரும்.

“அப்ப டிரெஸ்ஸு போயிருமேங்க?” என்றான். அவன் கேட்டதும் நியாயம்தான். சாதாரண எடிஷனை மட்டும் முன்பதிவு செய்யச் சொன்னேன். டிரெஸ் அதற்கும் உண்டு என்று அந்தப் பக்கத்திலேயே போட்டிருந்தது.