கெடு முந்தும்போது

அடுத்த வெள்ளிக்கிழமைக்கென ஒப்படைத்த 24 பக்க அறிக்கையை, "திங்கள் மாலையே வேண்டும்" என்று இவ்வெள்ளி மாலை மேலதிகாரி கூறினார். வார இறுதியில் கள்ளிக்காட்டிலுள்ள என் வீட்டிற்குச் செல்ல எண்ணியிருந்தேன்.

மறுக்கவில்லை, கணக்கைக் காட்டினேன். பக்கத்துக்கு 300 சொற்கள், மொத்தம் 7200. நாளொன்றுக்கு நான் பெயர்ப்பது 1800. ஆகவே நான்கு நாட்கள். ஒப்புநோக்க மேலும் ஒரு நாள். ஒப்புநோக்காவிடில் "செய்யலாம்" என்பது "செய்யவேண்டும்" என மாறி, விதியே பிறழும்.

பின்னர், "ஐயா, திங்களன்று யாருக்கு, எப்பகுதி வேண்டும்?" என வினவினேன். கூட்டத்திற்குத் தேவை நான்கு பக்கச் சுருக்கமே என்றார். அது திங்கள் மாலை, எஞ்சியது வெள்ளியன்று என முடிவாயிற்று. அதைக் கோப்பிலும் குறித்தோம். வாய்மொழிக் கெடு மீண்டும் நகரும்.