‘ஃபேர்’ போன பிறகு மிஞ்சிய சொல் எது?

2020 ஜூன் 25 அன்று இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம், தன் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ கிரீமின் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. 1975 முதல் இந்தியக் கடைகளில் விற்ற பெயர் அது. சிவப்பழகு ஆசையைக் காட்டி விற்கும் கிரீம்களுக்கு உலகெங்கும் எதிர்ப்பு வலுத்திருந்த நேரம். அந்தச் சொல் போக வேண்டியதுதான். ஆனால் பெட்டிக்கடையில் ஒரு சாஷே கேட்டு வருபவர் குழம்பாமல் பெயரை மாற்றுவது எப்படி?

ஒரு வாரத்தில் விடை வந்தது: ‘க்ளோ அண்ட் லவ்லி’. இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று சொற்களில் ஒன்று மட்டுமே மாறியது. ‘அண்ட் லவ்லி’ அப்படியே நின்றது. வாய்விட்டுச் சொல்லும்போது வரும் ஓசையும் கிட்டத்தட்ட அதேதான். நம் ஊர்க் கடைகளில் பாதி வியாபாரம் கண்ணால் அல்ல, காதால் நடக்கிறது. வாங்குபவர் பெயரைச் சொல்கிறார், கடைக்காரர் கை நீட்டி எடுக்கிறார். பழைய பெயரைச் சொன்னாலும் சரியான டியூப் கைக்கு வரும்படி அந்தப் பெயர் அமைந்திருந்தது.

சிக்கல் அடுத்த பொருளில் வந்தது. ஆண்களுக்கான வரிசைக்கு நிறுவனம் வைத்த பெயர் ‘க்ளோ அண்ட் ஹேண்ட்சம்’. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான பெயர்தான்: முதல் சொல் குடும்பத்தைக் காட்டும், கடைசிச் சொல் யாருக்கான கிரீம் என்று சொல்லும். ஆனால் குடும்பத்தின் அடையாளமாக வாங்குபவர் மனத்தில் பல ஆண்டுகளாகப் பதிந்திருந்தது ‘லவ்லி’. அது இந்தப் பெயரில் இல்லை. ‘க்ளோ’வோ அப்போதுதான் வந்த சொல். அதோடு, பளபளப்பு என்பது எந்த முகக் கிரீமும் சொல்லிக்கொள்ளும் குணம். பொருளின் குணத்தை மட்டும் சொல்லும் சொற்களுக்கு வணிகச் சின்னச் சட்டமும் எளிதில் தனியுரிமை தருவதில்லை. ஆக, அந்தப் பெயரில் நினைவில் தங்கக்கூடிய சொல் ‘ஹேண்ட்சம்’ ஒன்றுதான்.

அந்தச் சொல்லோ ஏற்கெனவே வேறு வீட்டுக்காரருடையது. கொல்கத்தாவின் இமாமி நிறுவனம் 2005-லேயே ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ கிரீமைக் கொண்டுவந்து, ஷாருக் கானை விளம்பரத்தில் நிறுத்தி, ஆண்களிடையே அந்தப் பெயரை நிலைநாட்டியிருந்தது. வழக்கு நீதிமன்றங்களுக்குப் போனது. 2024 ஏப்ரலில் கல்கத்தா உயர் நீதிமன்றம், ‘க்ளோ அண்ட் ஹேண்ட்சம்’ என்ற பெயரை யூனிலீவர் பயன்படுத்துவதை ஒரு மாதத்துக்குள் நிறுத்தச் சொன்னது. ஒருவர் சம்பாதித்த நற்பெயரில் மற்றவர் பொருள் விற்கும் நிலை உருவாகிறது என்பதே அதன் அடிப்படை. வாங்குபவர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார் என்பதுதான் வழக்கின் உயிர்நாடி.

இமாமி பிறகு செய்தது இதை இன்னும் தெளிவாக்குகிறது. 2025 தொடக்கத்தில் அதுவும் ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டது. புதிய பெயர் ‘ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம்’. எந்தச் சொல் தன் சொத்து என்று தெரிந்து, அதை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டது.

போட்டியாளரே இல்லாவிட்டாலும் குடும்பத்துக்குள் குழப்பம் வரலாம். பிரான்சின் லா ரோஷ்-போசே நிறுவனத்தில் ‘எஃபக்ளார்’ என்பது எண்ணெய்ப் பசையும் பருவும் உள்ள சருமத்துக்கான வரிசை. அதில் ‘டுவோ’ என்ற கிரீம் உண்டு. அமெரிக்காவில் அந்தப் பெயரில் விற்றதில் 5.5 சதவீதம் பென்சாயில் பெராக்சைடு இருந்தது. ஐரோப்பாவில் ‘டுவோ பிளஸ்’ என்று வந்த கிரீமில் அது இல்லை. நியாசினமைடு உள்ளிட்ட வேறு பொருள்கள் இருக்கின்றன. பென்சாயில் பெராக்சைடு பருவுக்கு நல்ல மருந்து. ஆனால் சருமத்தை உலர்த்தும், சிலருக்கு எரிச்சல் தரும், தலையணை உறையின் சாயத்தை வெளுக்கவைக்கும். பாரிஸில் வாங்கிப் பழகியவர் நியூயார்க்கில் அதே பெயரைப் பார்த்து எடுத்திருந்தால், முகத்தில் பூசியது வேறொன்றாக இருந்திருக்கும். இங்கே ‘பிளஸ்’ என்ற ஒட்டு எதையும் விளக்குவதில்லை. பழையதில் கொஞ்சம் மேம்பட்டது என்றுதான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார்.

புதுப் பெயரைச் சோதிக்க விரும்பும் நிறுவனம், பளபளக்கும் பெட்டியின் படத்தைக் காட்டிப் ‘பிடித்திருக்கிறதா?’ என்று கேட்பதில் பயன் குறைவு. பெயரை ஒருமுறை காதில் போட்டுவிட்டு, மறுநாள் ‘நேற்றுச் சொன்ன கிரீமைக் கடையில் எப்படிக் கேட்பீர்கள்?’ என்று கேட்க வேண்டும். பதிலில் பாதிப் பெயர்தான் வரும். அந்தப் பாதியைக் கேட்டுக் கடைக்காரர் எந்த டியூபை எடுக்கிறார் என்று பார்த்தால், பெயர் தேறுமா தேறாதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.