அளவுத் தள்ளுபடியும் சிக்கன ஆணை அளவும்: சிறு வணிகர் கணக்கிட்டுப் பார்க்க வேண்டியவை

“கூடுதலாக எடுத்தால் விலை குறையும்” என்று விநியோகஸ்தர் தரும் ஸ்லாப் விலைப்பட்டியல் வாங்குபவருக்கு ஆதாயமாகவே தோன்றும். ஆனால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கிடங்கில் முடங்கும் பணத்துக்கான வட்டியாகவும், கெட்டுப்போகும் சரக்காகவும் திரும்பிப் போய்விடுகிறது. எவ்வளவு திரும்பிப் போகிறது என்பதைக் கணக்கிட வணிகவியல் பாடநூல்கள் கற்பிக்கும் சூத்திரமே சிக்கன ஆணை அளவு எனப்படுகிறது. தள்ளுபடி குறுக்கிடும் இடத்தில் அதை அப்படியே பயன்படுத்தினால் விடை தவறாகிவிடும். அதைக் கைவிட்டு தள்ளுபடியை மட்டும் பார்த்தாலும் நட்டமே நேரும்.

சூத்திரம் சொல்வது என்ன

இச்சூத்திரத்தை 1913இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு டபிள்யூ. ஹாரிஸ் ஒரு தொழிற்சாலை மேலாண்மை இதழில் வெளியிட்டார். 1934இல் ஆர். எச். வில்சன் இதைப் பற்றி எழுதிய பிறகு, இது வில்சன் சூத்திரம் என்றும் வழங்கலாயிற்று. இரண்டு செலவுகள் எதிரெதிராக நகர்கின்றன என்பதே இதன் அடிப்படை. ஒவ்வொரு முறை சரக்கு வரவழைக்கும்போதும் அளவு எதுவாயினும் ஏற்படும் வண்டி வாடகை, இறக்குக்கூலி போன்றவை ஆணைச் செலவு ஆகும். சரக்கு கிடங்கில் இருக்கும் காலத்துக்கு ஏற்படும் வட்டி, இடவாடகை, காப்பீடு, சேதாரம் ஆகியவை இருப்புச் செலவு ஆகும். பெரிய அளவாக வாங்கினால் முன்னது குறைந்து பின்னது ஏறும், சிறிய அளவாக வாங்கினால் பின்னது குறைந்து முன்னது ஏறும்; இரண்டின் கூட்டுத்தொகை எந்த அளவில் மிகக் குறைவோ அதுவே சிக்கன ஆணை அளவு.

```
Q = √(2DS / H)
```

இதில் Q என்பது ஒருமுறை வாங்க வேண்டிய அளவு, D ஆண்டுத் தேவை, S ஒரு ஆணைக்கான செலவு, H ஓர் அலகை ஓராண்டு இருப்பில் வைப்பதற்கான செலவு.

மாதம் 100 டின் வீதம் ஆண்டுக்கு 1,200 பாமாயில் டின்களைத் தேநீர்க் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் விற்கும் ஒரு சில்லறை மளிகைக் கடையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 15 கிலோ டின் ஒன்றின் விலை, வரி நீங்கலாக, ரூ.2,000. ஒரு முறை சரக்கு இறக்க ரூ.600 ஆகிறது. வட்டியும் பிற செலவுகளும் சேர்ந்து இருப்புச் செலவு சரக்கு மதிப்பில் ஆண்டுக்கு 20 சதவீதம், அதாவது டின்னுக்கு ரூ.400. இந்த எண்களை இட்டால் Q என்பது 60 டின் என வருகிறது. ஆண்டுக்கு 20 முறை வாங்குவதால் ஆணைச் செலவு ரூ.12,000, சராசரி இருப்பு 30 டின் என்பதால் இருப்புச் செலவும் ரூ.12,000. சரக்கின் விலையையும் சேர்த்தால் ஆண்டுச் செலவு ரூ.24,24,000.

சூத்திரம் நம்பியிருக்கும் எடுகோள்கள்

தேவை ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருக்கிறது, சரக்கு ஒரே தவணையில் முழுமையாக வந்து சேர்கிறது, அது வர எடுக்கும் நாட்கள் முன்கூட்டியே தெரியும், இருப்பு தீர்ந்து வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் நிலை வராது, அலகு விலை வாங்கும் அளவைப் பொறுத்து மாறாது என்பன இச்சூத்திரத்தின் எடுகோள்கள். தீபாவளிக்கு முன்பு எண்ணெய் விற்பனை கூடுவதும், சந்தையில் விலை ஏறி இறங்குவதும் இவற்றுள் சிலவற்றை மீறத்தான் செய்கின்றன. ஆயினும் சிறிய பிழைகளைச் சூத்திரம் தாங்கிக்கொள்ளும். 60க்குப் பதிலாக 90 டின் வாங்கினாலும் ஆணை, இருப்புச் செலவுகளின் கூட்டுத்தொகை ரூ.24,000இலிருந்து ரூ.26,000 ஆக மட்டுமே உயர்கிறது.

கடைசி எடுகோள் உடைவது இவ்வகைச் சிறு பிழை அன்று. ஆண்டு முழுவதற்குமான சரக்கின் விலை எப்படி வாங்கினாலும் ரூ.24,00,000 என்றே இருப்பதால்தான் சூத்திரம் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. வாங்கும் அளவுக்கேற்ப விலை மாறும்போது, கணக்கிலிருந்து விடப்பட்ட அந்தப் பெருந்தொகையே முடிவைத் தீர்மானிக்கும் தொகையாகிவிடுகிறது. இருப்புச் செலவும் சரக்கு மதிப்பின் சதவீதமாக இருப்பதால் H-உம் ஸ்லாபுக்கு ஸ்லாப் மாறுகிறது.

தள்ளுபடி நுழையும்போது

விநியோகஸ்தர் 100 டின்னுக்குக் கீழ் ரூ.2,000, 100 முதல் 299 வரை ரூ.1,980, 300உம் அதற்கு மேலும் ரூ.1,950 என்று விலைப்பட்டியல் தருவதாகக் கொள்வோம். 99 டின்னின் விலை ரூ.1,98,000, ரூ.1,980 வீதம் 100 டின்னின் விலையும் அதே ரூ.1,98,000. எல்லைக்கோட்டில் செலவு படிப்படியாக மாறாமல் திடீரெனச் சரிவதை இது காட்டுகிறது. சூத்திரம் வழவழப்பான வளைகோட்டின் அடிப்புள்ளியைத் தேடுவது. இத்தகைய சரிவை அதனால் காண இயலாது. குறைந்த விலைகளை இட்டாலும் அது 60, 61 டின் என்றே விடை தரும், அந்த அளவுக்கோ அந்த விலை கிடைக்காது.

ஆகவே ஒவ்வொரு ஸ்லாபுக்கும் சூத்திரப்படி அளவைக் கண்டு, அது ஸ்லாபின் குறைந்தபட்ச அளவை எட்டாவிட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவையே எடுத்துக்கொண்டு, சரக்கு விலை, ஆணைச் செலவு, இருப்புச் செலவு மூன்றையும் கூட்டி ஒப்பிடுவதே சரியான முறை. அவ்வாறு கணக்கிட்டால் 100 டின் வீதம் வாங்கும்போது ஆண்டுச் செலவு ரூ.24,03,000, 300 டின் வீதம் வாங்கும்போது ரூ.24,00,900. இரண்டுமே 60 டின் கணக்கைவிடச் சிக்கனமானவை. ஆனால் 100லிருந்து 300க்குத் தாவுவதால் ஆண்டு முழுவதற்கும் கூடுதலாக மிஞ்சுவது ரூ.2,100 மட்டுமே, அதற்காக ஒவ்வொரு முறையும் ரூ.1,98,000க்குப் பதிலாக ரூ.5,85,000 முடக்க வேண்டியிருக்கிறது.

ஆபத்துகள் எங்கே உள்ளன

முதலாவது ஆபத்து இருப்புச் செலவைக் குறைத்து மதிப்பிடுவது. அதே கடைக்காரர் தனியாரிடம் கடன் வாங்கி, அவருடைய உண்மையான இருப்புச் செலவு 24 சதவீதமாக இருந்தால், 100 டின் முறைக்கு ரூ.24,06,960, 300 டின் முறைக்கு ரூ.24,12,600 ஆகி முடிவே தலைகீழாகிவிடும். இருப்பில் ஆண்டுக்கு இரண்டே டின் கூடுதலாக ஒழுகியோ காலாவதியாகியோ போனால்கூட ரூ.3,900 இழப்பு ஏற்பட்டு, மேற்சொன்ன ரூ.2,100 மிச்சம் மறைந்துவிடும்.

இரண்டாவது ஆபத்து தள்ளுபடியின் வகையைத் தவறாகப் புரிந்துகொள்வது. மேலே கணக்கிட்டது முழு அளவுத் தள்ளுபடி. அதாவது எல்லையை எட்டியதும் எல்லா டின்களுக்கும் குறைந்த விலை பொருந்தும். எல்லையைத் தாண்டிய டின்களுக்கு மட்டும் குறைந்த விலை தரும் படிநிலைத் தள்ளுபடியும் உண்டு. அதில் முதல் 100 டின் ரூ.2,000, அடுத்த 200 டின் ரூ.1,980, அதற்கு மேற்பட்டவை மட்டுமே ரூ.1,950 எனப் பில் போடப்படும். 300 டின்னுக்கு ரூ.5,85,000 அன்று, ரூ.5,96,000 ஆகும். ஆண்டுச் செலவு ரூ.24,46,000ஐத் தொடுவதால், தள்ளுபடியையே நாடாமல் 60 டின் வீதம் வாங்கியிருப்பதைவிட ரூ.22,000 நட்டம். ஒரே விலைப்பட்டியல் ஒரு பொருளில் 300 டின்னையும் மற்றொரு பொருளில் 60 டின்னையும் சிக்கனமான அளவாக்குகிறது.

மூன்றாவது ஆபத்து சட்டம் சார்ந்தது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன்படி காலாவதியான உணவுப்பொருளை விற்றதற்கு விற்பனையாளரே பொறுப்பாளி. ஸ்கீமில் வாங்கிய சரக்கு தேங்கிவிட்டது என்பது இதற்கு விடையாகாது. அழிந்த அல்லது கணக்கிலிருந்து நீக்கப்பட்ட சரக்குக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு உள்ளீட்டு வரி வரவை மறுப்பதால், கட்டிய வரியும் இழப்போடு சேரும். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் அரசு இருப்பு வரம்பும் விதிக்கலாம். 2022 பிப்ரவரியில் சமையல் எண்ணெய்க்குச் சில்லறை வணிகருக்கு விதிக்கப்பட்ட வரம்பு 30 குவிண்டால், அதாவது இத்தகைய 200 டின். 300 டின் ஸ்லாப் அந்த வரம்பைத் தாண்டியது.

உரிமைகளும் தீர்வுகளும்

மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி நுகர்வோர் ஆகமாட்டார் என்பதால், தள்ளுபடி தகராறில் கடைக்காரருக்கு நுகர்வோர் ஆணையம் பொதுவாக வழியாகாது. ஒப்பந்தச் சட்டமும் சரக்கு விற்பனைச் சட்டம், 1930உம்தான் அவருக்குத் துணை. பின்னதன் 37ஆம் பிரிவின்படி, ஒப்புக்கொண்டதைவிடக் கூடுதலான சரக்கு இறக்கப்பட்டால் ஒப்புக்கொண்ட அளவை மட்டும் ஏற்று மிச்சத்தை மறுக்கலாம். 41ஆம் பிரிவின்படி, முன்பே பார்வையிடாத சரக்கு ஒப்பந்தப்படி உள்ளதா என்று சோதிக்க நியாயமான வாய்ப்பைக் கேட்கலாம். டின்களின் தயாரிப்புத் தேதியையும் ஒழுகலையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

உரிமையை நிலைநாட்டச் சான்று தேவை என்பதால், தள்ளுபடி எல்லா அலகுகளுக்குமா அல்லது எல்லையைத் தாண்டியவற்றுக்கு மட்டுமா, அது பில்லிலேயே கழிக்கப்படுமா அல்லது பிறகு கிரெடிட் நோட்டாக வருமா, விற்காத சரக்கு திரும்ப எடுக்கப்படுமா என்ற மூன்றையும் ஆணை தருமுன் எழுத்தில் பெறுவது அவசியம். பில்லிலேயே காட்டப்படும் தள்ளுபடி வரிக்குரிய மதிப்பில் சேராது. பின்னர் வரும் தள்ளுபடிக்காக வரியும் குறைக்கப்பட்டால், வாங்குபவர் எடுத்த உள்ளீட்டு வரி வரவில் அந்தப் பகுதியைத் திருப்ப வேண்டியிருக்கும். தள்ளுபடிப் பணமும் அதுவரை கைக்கு வராது.

விலையையும் இறக்கும் அளவையும் பிரித்துப் பேரம் பேசுவதே எல்லாவற்றிலும் வலுவான தீர்வு. ஆண்டுக்கு 1,200 டின் எடுப்பதாக உறுதியளித்து, ரூ.1,950 விலையில், 60 டின் வீதம் தவணைகளாக இறக்குமாறு ஒப்பந்தம் செய்தால் ஆண்டுச் செலவு ரூ.23,63,700 ஆகிறது, 300 டின் வீதம் வாங்குவதைவிட இது ரூ.37,200 குறைவு, முடங்கும் பணமும் ஐந்தில் ஒரு பங்குதான். வேறு ஏற்பாடு இல்லாத நிலையில் தவணையாக வரும் சரக்கை ஏற்க வாங்குபவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 38ஆம் பிரிவு சொல்வதால், தவணைகளின் அளவும் தேதிகளும், ஆண்டு அளவு எட்டப்படாவிட்டால் விலை என்னவாகும் என்பதும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். விநியோகஸ்தர் இதற்கு இசையாவிட்டால், மேற்கண்ட கணக்கின்படி 100 டின் வீதம் வாங்குவதோடு நின்றுகொள்வதே இந்தக் கடைக்குப் பாதுகாப்பானது. தள்ளுபடி படிநிலை வகையினது என்றால் 60 டின்னைத் தாண்ட வேண்டிய தேவையே இல்லை.