அழைப்பிதழில் கவிதைக்கு எத்தனை நிமிடம்?

கவிதை நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழ் ஒன்றைக் கையில் எடுத்து, அதிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பென்சிலால் நிமிடங்களைக் குறித்துப் பாருங்கள். விழா எப்படி நடக்கும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். சிறிய நூலக அரங்கில் நடக்கும் விழாவுக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். மண்டபம் என்றால் கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்டு வாங்கலாம். நூலகத்தில் அது நடக்காது. நூலகர் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும். எனவே அழைப்பிதழ் வாசகத்தை எழுத உட்காரும்போதே விழாவின் நேரத்தையும் பங்கிட்டுவிடுகிறோம். இதை உணராமல் எழுதப்பட்ட வாசகத்தால்தான், கவிதை நூல் விழாவில் ஒரு கவிதைகூடக் காதில் விழாமல் வீடு திரும்புகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசலாம். தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களில் உப்பு வாரும் பெண்களைப் பற்றி ஒருவர் 62 கவிதைகள் எழுதியிருக்கிறார். அவருடைய முதல் தொகுப்பு. ஊரிலுள்ள கிளை நூலகத்தின் மாடியில் அறுபது நாற்காலி போடலாம். மாலை 5 மணி முதல் 7 மணி வரை அரங்கம் கிடைத்திருக்கிறது. பதிப்பாளரும் நண்பர்களும் சேர்ந்து வழக்கமான முறையில் அழைப்பிதழை எழுதுகிறார்கள்.

தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்புரை ஒருவர். தலைமை ஒருவர். முன்னிலை மூவர். நூலை வெளியிடுபவர் ஒருவர், முதல் பிரதி பெறுபவர் ஒருவர். வாழ்த்துரை ஆறு பேர். ஆய்வுரை ஒருவர். பிறகு கவிஞரின் ஏற்புரை, கடைசியில் நன்றியுரை. பார்வைக்கு நிறைவான பட்டியல்தான். இப்போது பென்சிலை எடுப்போம். தமிழ்நாட்டின் மாநிலப் பாடலாக 2021இல் அறிவிக்கப்பட்ட தமிழ்த்தாய் வாழ்த்தை 55 விநாடிகளில் பாடவேண்டும் என்று அரசாணையே இருக்கிறது. அதற்கு ஒரு நிமிடம். வரவேற்புக்கு ஐந்து, தலைமையுரைக்குப் பத்து. முன்னிலை வகிப்பவர்கள் பேசவேண்டியதில்லை என்பது ஏட்டளவில்தான். மேடைக்கு வந்தவரிடம் ஒலிவாங்கியைக் கொடுக்காமல் அனுப்ப யாருக்கும் மனம் வராது. ஆளுக்கு ஐந்து என்று பதினைந்து. பொன்னாடை, நூல் வெளியீடு, புகைப்படம் எல்லாம் சேர்த்துப் பத்து. வாழ்த்துரை ஆளுக்கு எட்டு நிமிடம் என்று தாராளமில்லாமல் வைத்தாலும் 48. ஆய்வுரை 20, ஏற்புரை 15, நன்றி ஐந்து. கூட்டினால் 129 நிமிடங்கள். கையில் இருப்பதோ 120. தாமதமாகத் தொடங்குவதையும், இடையில் தொகுப்பாளர் சொல்லும் அறிமுகங்களையும் இதில் சேர்க்கவேயில்லை.

இந்தக் கணக்கில் எது அடிபடும் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். வாழ்த்துரைகள் முதலில் வருவதால் அவை முழுதாக நடக்கும். ஆறே முக்காலுக்கு ஆய்வுரையாளர் எழுவார். இரண்டு வாரம் நூலைப் படித்துக் குறிப்பெடுத்து வந்தவரிடம் ஐந்து நிமிடச் சீட்டு நீட்டப்படும். கவிஞர் ஏற்புரையில் பெயர்களைச் சொல்லி நன்றி கூறுவதோடு நிறுத்திக்கொள்வார். 62 கவிதைகளில் ஒன்றும் வாசிக்கப்பட்டிருக்காது.

பெயர்களை வெட்டுங்கள் என்று அறிவுரை சொல்வது எளிது. ஆனால் அந்த ஆறு பேரில் ஒருவர் கவிஞருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த ஆசிரியராக இருப்பார். இன்னொருவர் அச்சுச் செலவில் பாதியைக் கொடுத்திருப்பார். ஒருவர் அந்த ஊரின் மூத்த கவிஞர். அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லாமல் போனால் அது காயம், அந்தக் காயம் நியாயமானதும்கூட. நான் சொல்லும் வழி வேறு. பெயர்கள் அப்படியே இருக்கட்டும். தலைப்பை மட்டும் மாற்றுங்கள். ‘வாழ்த்துரை’ என்ற இடத்தில் ‘நூலிலிருந்து கவிதை வாசிப்போர்’ என்று போட்டு, அதே ஆறு பேரின் பெயரையும் எழுதுங்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு கவிதையை எடுத்து வாசிப்பார், ஏன் பிடித்தது என்று ஓரிரு வரி சொல்வார். ஆளுக்கு மூன்று நிமிடம், மொத்தம் 18. அரங்கில் ஆறு கவிதைகள் ஆறு குரலில் ஒலிக்கும். வாசிக்க வேண்டும் என்பதால் ஆறு பேரும் நூலைத் திறந்து பார்த்திருப்பார்கள். இது ஒன்றும் சிறிய ஆதாயமில்லை.

முன்னிலையில் இருந்த மூவரில் ஒருவர் நூலை வெளியிடலாம், இன்னொருவர் முதல் பிரதியைப் பெறலாம், மூன்றாமவர் நன்றி சொல்லலாம். வரவேற்பை நூலகரிடமே கேட்டுப் பாருங்கள்; அவருடைய வாசகர்கள்தானே வரப்போகிறார்கள். தலைமைக்கு அழைத்தவரை ஆய்வுரைக்கு மாற்றி, ஏற்கெனவே ஒப்புக்கொண்டவரோடு சேர்த்து இருவராக்கினால் ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தரலாம். இப்போது கணக்கு: வாழ்த்துப் பாடல் 1, வரவேற்பு 5, வெளியீடு 6, கவிதை வாசிப்பு 18, ஆய்வுரைகள் 30, கவிஞரின் வாசிப்பும் ஏற்புரையும் 20, கலந்துரையாடல் 15, நன்றி 3. மொத்தம் 98 நிமிடங்கள். ஐந்தே காலுக்குத் தொடங்கினாலும் ஏழு மணிக்குள் முடிந்துவிடும். ‘மாலை 5 மணி அளவில்’ என்று எழுதாமல் ‘மாலை 5.00 முதல் 6.45 வரை’ என்று முடியும் நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். கடைசிப் பேருந்தை நினைத்து வராமல் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்கள், அந்த ஒரு நேரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அதை எழுதிவிட்டால் விழாக் குழுவுக்கும் ஒரு கடிவாளம் கிடைக்கும்.

அடுத்தது நூலைப் பற்றிய வரி. பெரும்பாலான அழைப்பிதழ்களில் அப்படி ஒரு வரியே இருப்பதில்லை. இருந்தாலும் ‘கவிதை உலகில் ஒரு புதிய பரிமாணம்’ என்பதுபோல் எந்த நூலுக்கும் பொருந்துவதாக இருக்கும். நூலின் பெயருக்குக் கீழே ‘உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களைப் பற்றிய 62 கவிதைகள். கவிஞரின் முதல் தொகுப்பு’ என்று இரண்டே வாக்கியம் போதும். உப்பளத்தில் வேலை பார்த்த அம்மாவைப் பெற்ற ஒருவர், கவிதையே படிக்காதவராக இருந்தாலும், அதைப் பார்த்து நிற்பார். இடம் இருந்தால் தொகுப்பிலிருந்து ஒரு சிறு கவிதையையும் சேர்க்கலாம். தலைப்பும் பின்னணியும் தெரியாமல் படித்தாலும் தானாக நிற்கிற கவிதையாக அது இருக்கவேண்டும். வடிவமைப்பாளர் இடத்துக்கு ஏற்றபடி வரிகளை மடக்கிவிடுவார். கவிஞர் எங்கே வரியை முறித்தாரோ அங்கேதான் முறியவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிழைகள் வரும் இடங்கள் நமக்குத் தெரிந்தவைதாம். முதலாவது பெயர். ‘ச.’ என்று எழுதுபவரை ‘எஸ்.’ ஆக்குவது, முனைவர் பட்டத்தை விட்டுவிடுவது, ஒற்று ஒன்றைச் சேர்ப்பது. இவற்றைத் தொலைபேசியில் கேட்டு எழுதக்கூடாது. ‘உங்கள் பெயர் எப்படி அச்சாக வேண்டும் ஐயா, எழுதி அனுப்புங்கள்’ என்று கேட்டு வாங்கவேண்டும். யார் பெயர் மேலே என்ற மனத்தாங்கலுக்கு மருந்து அகர வரிசை. வரிசைக்குக் கீழே சிறிய எழுத்தில் அதைக் குறிப்பிட்டுவிட்டால் யாருக்கும் வருத்தமில்லை. இரண்டாவது, நாளும் கிழமையும். 22.08.2026 என்று போட்டுப் பக்கத்தில் ஞாயிறு என்று எழுதினால் பாதிப் பேர் மறுநாள் வருவார்கள். அன்று சனிக்கிழமை. திருவள்ளுவர் ஆண்டையும் போடுகிறவர்கள் ஆங்கில ஆண்டோடு 31 கூட்டுவார்கள். அந்த நாளுக்கு 2057. தை முதல் நாளில் ஆண்டு மாறுவதால், ஜனவரி முதல் இரு வாரங்களில் நடக்கும் விழாவுக்கு 30தான் கூட்டவேண்டும்.

மூன்றாவது, எழுத்துரு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போதும், கைபேசிச் செயலிகளில் ஒட்டும்போதும் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ‘கொ’, ‘தோ’, ‘பௌ’ போன்ற எழுத்துகளை மட்டும் தேடித் தேடிப் பார்த்தால் பெரும்பாலான சேதம் அகப்பட்டுவிடும். மெய்ப்புப் பார்ப்பதைக் கணினித் திரையோடு முடிக்காமல் சிறிய கைபேசியில் ஒருமுறை திறந்து பாருங்கள். பெரிதாக்காமல் தேதியும் இடமும் படிக்க முடியவில்லை என்றால், எழுத்தைப் பெரிதாக்கிப் புகைப்படங்களைச் சிறிதாக்குங்கள்.

இடத்தின் பெயரை எழுதுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சென்னை அண்ணா சாலையிலுள்ள தேவநேயப் பாவாணர் மாவட்ட மைய நூலகத்தில் எத்தனையோ வெளியீடுகள் நடந்திருக்கின்றன. இலக்கியக் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் அதை எல்.எல்.ஏ. கட்டடம் என்றே சொல்லிப் பழகியவர்கள். அதுபோல எல்லா ஊர் நூலகத்துக்கும் பலகையில் ஒரு பெயர், வாயில் ஒரு பெயர். இரண்டையும் எழுதுங்கள், பக்கத்திலுள்ள பேருந்து நிறுத்தத்தையும் சேருங்கள். அரங்கம் மாடியில் என்றால் ‘முதல் தளம்’ என்றும், மின்தூக்கி இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். மூத்த வாசகர்கள் படியேறிப் பாதியில் நிற்பதைவிட இது நல்லது. ‘அனைவரும் வரலாம், அனுமதி இலவசம்’ என்ற வரியும் தேவை. நூலகத்தின் அன்றாட வாசகர், கீழே செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பவர், மாடியில் நடப்பது தெரிந்தவர்களுக்கு மட்டுமான விழா என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுவார். வாசகர் வட்டம் இருக்கும் நூலகம் என்றால் ‘வாசகர் வட்டமும் பதிப்பகமும் இணைந்து நடத்தும்’ என்று தொடங்குங்கள். ஏற்கெனவே படிக்கிற பழக்கமுள்ள இருபது பேர் அந்த வரியாலேயே வருவார்கள்.

இத்தனையும் எழுதுவதற்கு முன் முடியவேண்டியவை இரண்டு. அரங்கத்துக்கான அனுமதி எழுத்தில் கைக்கு வரவேண்டும். அரங்கில் புத்தகம் விற்கலாமா, தேநீர் எங்கே கொடுக்கலாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். விற்கலாம் என்றால்தான் சலுகை விலையை அழைப்பிதழில் போடமுடியும். மற்றது, கட்டுமானம் முடிந்த பிரதிகள் அச்சகத்திலிருந்து வந்து சேரும் நாள். அந்த நாளுக்கும் விழாவுக்கும் குறைந்தது பத்து நாள் இடைவெளி வேண்டும். ஆய்வுரை தருகிற இருவருக்கும் கவிதை வாசிக்கும் ஆறு பேருக்கும் அழைப்பிதழோடு நூலும் போய்ச் சேரவேண்டும் என்பதால்தான். ‘பக்கம் 34இல் உள்ள கவிதை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன் அம்மா, வேறொன்று பிடித்தால் அதையே வாசியுங்கள்’ என்று கவிஞர் கைப்பட ஒரு வரி எழுதி உள்ளே வைத்து அனுப்பலாம்.

வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பும்போது அதே செய்தியை எழுத்தாகவும் கீழே ஒட்டுங்கள். படத்திலிருந்து தேதியை நகலெடுப்பது எல்லாருக்கும் எளிதல்ல, பிறகு தேடினாலும் எளிதில் அகப்படாது. விழாவுக்கு முந்தின நாள் நினைவூட்டும்போது படத்தை மறுபடி அனுப்பவேண்டியதில்லை. ‘நாளை மாலை 5 மணி, கிளை நூலக மாடி. உப்பளப் பெண்களைப் பற்றிய கவிதைகளை ஆறு பேர் வாசிக்கிறார்கள், கவிஞரும் வாசிக்கிறார். 6.45க்கு முடிந்துவிடும்’ என்று எழுதி, நூலகம் இருக்கும் இடத்தின் வரைபட இணைப்பைச் சேர்த்து அனுப்பினால் போதும்.