ஹம்பிக்கு எத்தனை நாள்?

ஹம்பிக்கு எத்தனை நாள் ஒதுக்குவது என்று கேட்பவர்களிடம், நாளை விட்டுவிட்டுக் காலையையும் மாலையையும் எண்ணுங்கள் என்பேன். அங்கே எங்கு திரும்பினாலும் கருங்கல் பாறை. பதினோரு மணிக்கு மேல் அது கொதிக்கும். நான்கு மணி வரை நிழலில் இருப்பதே நல்லது. ஆக, ஒரு நாளில் கிடைப்பவை இரண்டே நல்ல வேளைகள்.

இனி இடங்களைப் பொருத்துங்கள். விட்டல கோயிலுக்கு ஒரு காலை, தாமரை மஹாலும் யானைக் கொட்டிலும் இருக்கும் அரண்மனைப் பகுதிக்கு ஒரு மாலை. இவ்விரண்டுக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, அதுவும் அன்று மட்டுமே செல்லும் என்பதால் ஒரே நாளில் வைப்பது லாபம். விருபாட்சர் கோயிலும் பக்கத்து ஹேமகூடக் குன்றும் இன்னொரு காலை. துங்கபத்திரைக்கு அக்கரையில் உள்ள ஆனேகுந்தியும் அஞ்சனாத்ரி மலையும் ஒரு மாலை. மொத்தம் நான்கு வேளை, அதாவது முழுதாக இரண்டு நாள்.

ஹோஸ்பேட்டில் ரயிலிறங்கி அறைக்குப் போய்ச் சேரும் நேரத்தை இதில் சேர்க்காதீர்கள். பிற்பகலில் இறங்கினால் அந்த நாள் கணக்கிலேயே இல்லை. குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் ஒரு வேளையைக் கூட்டுங்கள். சிற்பங்களில் ஈடுபாடு இல்லாதவருக்கு மூன்றாம் நாள் அலுக்கும். இருப்பவருக்கோ, ஹசார ராமர் கோயில் சுவரில் வரிசையாகச் செதுக்கிய ராமாயணத்துக்கே ஒரு காலை போய்விடும்.