22 வரை சோதித்தால் போதும்

ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் அதன் காரணிகள். தன்னைத் தவிர மற்றக் காரணிகளைக் கூட்டினால் அதே எண் கிடைக்குமானால், அது நிறைவு எண். 6 அத்தகையது: 1 + 2 + 3 = 6.

496-உம் நிறைவு எண்தானா? 495 வரை ஒவ்வோர் எண்ணாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. காரணிகள் இணையாகவே வரும். 496-ஐ 2 ஆல் வகுத்தால் ஈவு 248; ஆகவே, 248-உம் காரணியே. ஓர் இணையின் இரண்டு எண்களுமே 22-ஐவிடப் பெரியவையாக இருக்க முடியாது; 23 × 23 = 529 ஆகிவிடுமே! 496-இன் வர்க்கமூலம் 22-ஐச் சற்றே தாண்டுவதால், 22 வரை சோதித்தால் போதும்.

அவ்வாறு சோதித்தால் 1, 2, 4, 8, 16 ஆகியவை மட்டுமே மீதியின்றி வகுக்கின்றன. அவற்றின் இணைகள் முறையே 496, 248, 124, 62, 31. இவற்றுள் 496-ஐ விட்டுவிட்டு மற்ற ஒன்பதையும் கூட்டிப் பாருங்கள். 496 கிடைக்கும்!

36 போன்ற வர்க்க எண்களில் மட்டும் கவனம் தேவை. அங்கு 6-இன் இணையும் 6தான். அதை இருமுறை கூட்டினால், 55-க்குப் பதிலாக 61 வந்துவிடும்.

496-க்குப் பிறகு ஒவ்வோர் எண்ணாகத் தேடிச் சென்றால், அடுத்து அகப்படும் நிறைவு எண் 8128. அதற்கு 90 வரை சோதித்தால் போதும். இவை எல்லாம் இரட்டைப்படை எண்கள். ஒற்றைப்படை நிறைவு எண் ஒன்றுகூட இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.