கையெழுத்துக்கு முன் – 9: ரகசியம் எத்தனை நாளைக்கு?

சிறிய ஸ்டார்ட்அப் ஒன்று வெளியாள் ஒருவரிடம் வேலையை ஒப்படைக்கும்போது முதலில் நீட்டுகிற காகிதம் என்.டி.ஏ. எனப்படும் ரகசியக் காப்பு ஒப்பந்தம். இரண்டு மூன்று பக்கங்கள்தான் இருக்கும். எங்கோ கிடைத்த மாதிரியில் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். எது ரகசியம், அது எத்தனை நாளைக்கு ரகசியம் என்ற இரண்டையும் இரு தரப்பும் நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். திருப்பூர் பின்னலாடைத் தொழிற்கூடங்களுக்கு ஆர்டர் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் செயலியை மூன்று பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். கோட் எழுத ஃப்ரீலான்சர் ஒருவரை அமர்த்துகிறார்கள். 2024 ஜனவரி 1 அன்று கையெழுத்து. ‘இந்த ஒப்பந்தம் கையெழுத்தான நாளிலிருந்து 2 ஆண்டுகள் அமலில் இருக்கும்’ என்று ஒரே வரி. வேலை நீண்டுகொண்டே போகிறது. 2025 நவம்பரில் வாடிக்கையாளர் பட்டியலும் ஒவ்வொருவருக்கும் போட்ட விலையும் அவர் கைக்கு வருகின்றன. டிசம்பர் 31 அன்று ஒப்பந்தம் முடிகிறது. நிறுவனத்தின் மிக முக்கியமான தகவலுக்கு இரண்டு மாதம்கூடக் காவல் இல்லை!

இரண்டு கெடுக்களை ஒரே வரியில் அடைத்ததுதான் இங்கே கோளாறு. எந்தக் காலத்தில் கொடுக்கப்படும் தகவல் ஒப்பந்தத்துக்குள் வரும் என்பது ஒன்று. வேலை முடிந்த பிறகும் எத்தனை ஆண்டு வாயைத் திறக்கக் கூடாது என்பது இன்னொன்று. இரண்டாவதைத் தனியாக எழுதி, அது எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்றும் சொல்ல வேண்டும். ‘வேலை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்’ என்றிருந்தால், கடைசி வாரத்தில் கொடுத்த பட்டியலுக்கும் முழு மூன்று ஆண்டு காவல் கிடைக்கும்.

அப்படியானால் ‘என்றென்றைக்கும்’ என்று எழுதிவிட்டால் போதாதா? விலைப் பட்டியலும் அடுத்த வெளியீட்டுத் திட்டமும் சில ஆண்டுகளில் பழசாகிவிடும். அதற்காக ஒருவரை ஆயுள் முழுக்கக் கட்டிப்போடுவது நியாயமில்லை. சோர்ஸ் கோடும் விலை போடும் சூத்திரமும் அப்படியல்ல; வெளியே தெரியாத வரைதான் அவற்றுக்கு மதிப்பு. மூன்றே ஆண்டு என்று கெடு வைத்தால், நான்காம் ஆண்டில் அவற்றைச் சொல்லிவிடலாம் என்று நாமே அனுமதி கொடுத்ததுபோல் ஆகும். ஆகவே சாதாரணத் தகவலுக்கு 2 அல்லது 3 ஆண்டு, தொழில் ரகசியத்துக்கு அது ரகசியமாக இருக்கும் வரை எனப் பிரித்து எழுதுவதே முறை. இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாததால், காகிதத்தில் இருக்கும் சொற்களுக்குக் கனம் அதிகம்.

இனி, எது ரகசியம்? ‘நிறுவனம் தரும் எல்லாத் தகவலும்’ என்று அகலமாக எழுதினால், தகராறு வரும்போது எது ரகசியம் என்று காட்டுவது நிறுவனத்துக்கே கடினமாகும். கோட், வாடிக்கையாளர் விவரம், விலை என்று வகை சொல்லி எழுதுவது நல்லது. வாய்மொழியாகச் சொன்னதை 15 நாளுக்குள் மின்னஞ்சலில் உறுதிப்படுத்தலாம். ஏற்கெனவே ஊரறிந்தது, ஃப்ரீலான்சர் முன்பே அறிந்தது, வேறொருவரிடமிருந்து முறையாக வந்தது, அவர் சொந்தமாக உருவாக்கியது ஆகிய நான்கும் விலக்காக இருக்க வேண்டும். முன்பே எழுதி வைத்திருக்கும் கோடின் பட்டியலை ஃப்ரீலான்சர் கையெழுத்துக்கு முன்பே இணைப்பாகச் சேர்த்துவிட்டால், ‘எங்களிடமிருந்து எடுத்தது’ என்ற வாதம் பின்னால் எழாது.

கைத்திறன் ரகசியமல்ல. இந்த வேலையில் பழகிய அனுபவத்தோடு அவர் அடுத்த நிறுவனத்துக்குப் போகலாம். சில என்.டி.ஏ.க்களில் ‘2 ஆண்டுகளுக்கு இதே துறையில் யாருக்கும் வேலை செய்யக் கூடாது’ என்ற வரி ஒளிந்திருக்கும். சட்டத்துக்கு உட்பட்ட தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. 1967இல் நிரஞ்சன் கோலிகரி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊழியருக்கு விதித்த தடையை ஏற்றது உண்மை. ஆனால் அவர் ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் நடுவிலேயே போட்டி நிறுவனத்துக்குப் போனவர். தடையும் அந்த ஐந்தாண்டுக்குள்தான். ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒருவரின் பிழைப்பை மறிப்பது வேறு. அந்த வரியை அடித்துவிடச் சொல்ல ஃப்ரீலான்சர் தயங்கவே வேண்டாம். அது போனாலும் நிறுவனத்தின் ரகசியத்துக்கு ஒரு குறையும் வராது.

எல்லாம் சரியாக எழுதிய பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். என்.டி.ஏ. ரகசியத்தைக் காக்குமே தவிர, எழுதிய கோட் யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. ஊழியர் அல்லாத ஒருவர் எழுதிய நிரலுக்கு, எழுத்துமூலம் மாற்றித் தராத வரை, பதிப்புரிமை பொதுவாக அவருக்கே. முழுப் பணம் கொடுத்தும் கோடின் உரிமை கைக்கு வராமல் போவது எப்படி என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)